அட்டைப் படத்தைச் சாட்சியாக்காதீர்கள்: எங்கள் ஊர் நூலக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

என் உறுப்பினர் அட்டையில் எடுக்கப்பட்டுத் திரும்பி வராத மூன்று நூல்களுக்காக 1,840 ரூபாய் செலுத்தும்படி நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. தொகையைக் கட்டிவிட்டேன், ரசீதும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் இருக்கும் ஒரு வாக்கியத்தை என்னால் ஏற்க இயலாது. "அட்டையிலுள்ள புகைப்படம் கவுண்டரில் சரிபார்க்கப்பட்ட பின்னரே நூல்கள் வழங்கப்பட்டுள்ளதால், அவற்றைப் பெற்றவர் தாங்களே என இக்குழு கருதுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நூல்களை எடுத்துவிட்டுப் பொய் சொல்கிறேன் என்பதுதான் இதன் பொருள். இதே வாக்கியம் நாளை இன்னோர் உறுப்பினருக்கும் அனுப்பப்படலாம் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2024 ஆகஸ்ட் 12ஆம் தேதி என் தம்பியின் கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் சென்றேன். வழியில் பேருந்தில் என் பணப்பை தொலைந்தது. அதற்குள் நூலக அட்டையும் இருந்தது. 15ஆம் தேதி இரவுதான் ஊர் திரும்பினேன். அன்று சுதந்திர தினம், நூலகம் விடுமுறை. 16ஆம் தேதி காலை கதவு திறந்ததும் வந்து அட்டை தொலைந்ததை எழுதிக் கொடுத்தேன். நூல்கள் எடுக்கப்பட்டதோ 14ஆம் தேதி மாலை 5.40 மணிக்கு. அந்த நேரத்தில் நான் மருத்துவமனையில் இருந்தேன் என்பதற்கு உடனிருப்பவருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டைக் காட்டினேன். சீட்டு யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சரியான வாதம்தான். சீட்டை வைத்திருப்பவர் சீட்டுக்குரியவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அட்டைக்கு மட்டும் அந்த விதி பொருந்தாமற் போனது, அதில் ஒரு முகம் அச்சிடப்பட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்தால்.

அடுத்த மாதமே அதே கவுண்டரில் என் அக்காவுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அவருக்கு 68 வயது. நீண்ட நாள் காய்ச்சலில் இளைத்து, குணமானதும் பழனியில் முடி காணிக்கை செலுத்திவிட்டு வந்திருந்தார். பல்செட்டும் அன்று போடவில்லை. அவருடைய அட்டையில் இருப்பது 2009இல் நான் எடுத்த படம்: நிறைய முடி, நிறைய பூ, நிறைந்த கன்னம். கவுண்டரில் இருந்த பெண் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் இல்லையே அம்மா, உங்கள் மகள் அட்டையா?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா புத்தகங்களை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு அவர் நூலகத்துக்கு வருவதில்லை. ஆக, இரண்டு மாத காலத்துக்குள் ஒரே கவுண்டர் முன்பின் தெரியாத ஒருவரை நானென்று ஏற்றது, என் அக்காவை அக்கா அல்ல என்று திருப்பி அனுப்பியது. அந்தப் பெண்மீதோ, 14ஆம் தேதி பணியில் இருந்த இளைஞர்மீதோ எனக்குக் குறை எதுவும் இல்லை. மனிதக் கண்ணால் இயலாத ஒரு வேலையை அவர்களிடம் கொடுத்தது குழுவின் தீர்மானம்.

இயலாத வேலை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1986 முதல் 2017 வரை இந்த ஊரில் ஸ்டுடியோ நடத்தியவன் நான். உங்களில் சிலருடைய திருமணப் படமும், பலருடைய பாஸ்போர்ட் சைஸ் படமும் என் கையால் எடுத்தவை. தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் ஆசான் ஒரு கண்டிப்பான விதியைச் சொன்னார்: கவரை எடுத்துக் கொடுக்கும்போது ஆளின் முகத்தைப் பார்த்துத் தேடாதே, ரசீது எண்ணைப் பார்த்துத் தேடு. இளமைத் திமிரில் நான் அதை ஒருமுறை மீறினேன். ஒரே பிற்பகலில் வந்த இரண்டு இளைஞர்கள், இருவருக்கும் மீசை, இருவருக்கும் இடப்பக்க வகிடு. முதலில் வந்தவர் ரசீதைக் கொண்டுவரவில்லை. முகத்தைப் பார்த்தேன், கவருக்குள் இருந்த படத்தைப் பார்த்தேன், ஐயமே இல்லாமல் கொடுத்தேன். அவரும் திறந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். வேலைக்கான விண்ணப்பத்தில் ஒட்டப் போகும்போதுதான் அது வேறொருவர் படம் என்று தெரிந்து ஓடி வந்தார். அந்தப் படத்தை எடுத்தவன் நான், கழுவியவன் நான், வெட்டியவன் நான். அவர் என் முன்னால் உட்கார்ந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை. அப்படியும் தவறினேன்.

உங்கள் கூட்டத்தில் செயலாளர் அவர்கள் என் அட்டையின் நகலை உயர்த்திப் பிடித்து, "இது நீங்கள்தான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியுமே, இதில் எப்படித் தவறு வரும்?" என்று கேட்டார். அவருக்கு என்னை இருபத்தைந்து ஆண்டுகளாகத் தெரியும். அவர் அந்தப் படத்தில் என்னைக் காண்பது, ஏற்கெனவே அவர் மனத்தில் நான் இருப்பதால்தான். என் சிரிப்பும், எரிச்சலும், காய்ச்சலில் வாடிய முகமும், சவரம் செய்யாத முகமும் அவருக்குப் பழக்கம். மங்கிய படமாக இருந்தாலும் அந்தச் சேமிப்பிலிருந்து மீதியை அவரே நிரப்பிக்கொள்கிறார். கவுண்டரில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாறும் பகுதிநேரப் பணியாளருக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அவர் கையில் இருப்பது ஒரு படம், எதிரில் இருப்பது ஒரு முகம். இரண்டையும் அவர் இதற்கு முன் கண்டதில்லை. தெரிந்தவரை அடையாளம் காண்பதும், தெரியாத இரண்டு முகங்களை ஒப்பிட்டு ஒன்றா என்று சொல்வதும் வெவ்வேறு வேலைகள். முன்னதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துப் பின்னதும் எளிது என்று நம்பிவிடுகிறோம்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. ராப் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரண்டு பெண்களின் படங்களை, ஆளுக்கு இருபது வீதம் நாற்பது எடுத்துக் கலைத்து, அவர்களை அறியாத பிரிட்டன் மக்களிடம் கொடுத்து, ஒருவருடைய படங்கள் ஒரு குவியலில் வருமாறு பிரிக்கச் சொன்னார்கள். எத்தனை பேருடைய படங்கள் என்று சொல்லவில்லை. பிரித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏழு, எட்டு அல்லது அதற்கும் கூடுதலான குவியல்களை வைத்தார்கள். அதே கட்டை அந்தப் பெண்களை நன்கறிந்த நெதர்லாந்துக்காரர்கள் தயக்கமில்லாமல் இரண்டாகப் பிரித்தார்கள். இதைப் படித்ததும் எனக்கும் ஓர் ஆசை வந்தது. வெளியூரில் இருக்கும் என் இரண்டு மருமகன்களின் அனுமதியோடு, வீட்டு ஆல்பத்திலிருந்து அவர்களுடைய படங்கள் பதினாறை எடுத்து, உங்கள் கவுண்டர் பணியாளர் ஒருவரிடம் கொடுத்து எத்தனை பேர் என்று கேட்டேன். நிதானமாகப் பார்த்து, ஐந்து பேர் என்றார். என் மனைவி அந்தக் கட்டை வாங்கி அரை நிமிடத்தில் இரண்டாக்கினார். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். நம்ப முடியவில்லை என்றால் குழுவினரும் உங்கள் உறவினர் படங்களை வைத்துச் செய்து பார்க்கலாம்.

அட்டையைப் பற்றியே நேரடியாக நடந்த சோதனையும் உண்டு. கடன் அட்டைகளில் படம் அச்சிட்டால் மோசடி குறையுமா என்ற கேள்வியோடு ரிச்சர்ட் கெம்ப், நிக்கோலா டவெல், கிரகாம் பைக் ஆகிய மூவர் பிரிட்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடத்திய சோதனையை 1997இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் வாடிக்கையாளர்களாக வந்து, சில முறை தம் சொந்தப் படம் உள்ள அட்டையையும் சில முறை பிறர் படம் உள்ள அட்டையையும் நீட்டினார்கள். காசாளர்கள் நிஜமான காசாளர்கள். சோதனை நடக்கிறது என்பதும், படத்தைக் கவனிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியும் பிறர் படம் இருந்த அட்டைகளில் பாதிக்கு மேல் செல்லுபடியாயின. படத்தில் இருப்பவர் அட்டையை நீட்டியவரை ஓரளவு ஒத்திருந்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு அட்டைகள் ஏற்கப்பட்டன. வேண்டுமென்றே ஒப்பில்லாத படமாகத் தேர்ந்தபோதும் மூன்றில் ஒன்று தப்பியது. சொந்தப் படம் இருந்த அட்டைகளிலோ சுமார் பத்தில் ஒன்று மறுக்கப்பட்டது. படம் எடுத்த பிறகு தோற்றம் சற்று மாறியிருந்தால் அந்த மறுப்பு இன்னும் கூடியது. என் அட்டையில் இருந்தவருக்கு மீசையும் கண்ணாடியும் அறுபது வயதைத் தொடும் முகமும் உண்டு. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் அந்த விவரிப்புக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

காசாளர்களுக்குப் பயிற்சி போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். கவுண்டர் பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி அளிக்கலாம் என்ற யோசனையும் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதனால் இதையும் சொல்கிறேன். 2014இல் டேவிட் வொயிட்டும் கெம்பும் மற்றவர்களும் சேர்ந்து ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் வழங்கும் அலுவலர்களையே சோதித்தார்கள். முகத்தையும் படத்தையும் ஒப்பிடுவதே அவர்களுடைய அன்றாட வேலை. எதிரில் நின்ற ஆளுக்கும் படத்துக்கும் பொருந்தாத இடங்களில் 14 விழுக்காட்டைப் பொருந்துவதாக ஏற்றார்கள்; பொருந்திய இடங்களில் 6 விழுக்காட்டை மறுத்தார்கள். பணி அனுபவம் கூடியவர்கள் நன்றாகச் செய்தார்களா என்றால் இல்லை. பல்லாண்டு அனுபவம் உடையவர்களும் புதியவர்களும் கலந்தே நல்ல மதிப்பெண்ணும் மோசமான மதிப்பெண்ணும் பெற்றார்கள். தாளில் அச்சிட்ட முகங்களை ஒப்பிடும் பொதுத் தேர்வில் அவர்கள் கல்லூரி மாணவர்களைவிட மேலாக இல்லை. சிலருக்கு இந்தத் திறன் இயல்பாகவே அமைந்திருக்கிறது, பலருக்கு இல்லை, நாற்காலியில் உட்கார்ந்த ஆண்டுகள் அதைக் கொண்டுவருவதில்லை. அங்கே சரியா தவறா என்று யாரும் பிற்பாடு வந்து சொல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். தப்பிப் போனவர் திரும்பி வந்து, உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்வதில்லையே.

இவையெல்லாம் நல்ல படங்களை வைத்துச் செய்த சோதனைகள். நம் அட்டையில் இருக்கும் படங்களின் நிலைமையைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் தூரம். ஸ்டுடியோவில் ஆளிடமிருந்து ஆறடி தள்ளித்தான் கேமராவை நிறுத்துவோம். மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்கிறது. ஆறடியில், அதாவது சுமார் 180 சென்டிமீட்டரில், காது மூக்கைவிட ஏழு விழுக்காடுதான் கூடுதல் தொலைவில் இருக்கும். முகம் இயல்பான அளவில் பதியும். இப்போது உங்கள் அலுவலகத்தில் கணினிக்கு மேல் செருகியிருக்கும் சிறு கேமராவால் ஒன்றரை அடியில் வைத்து எடுக்கிறீர்கள். 45 சென்டிமீட்டரில் அந்த வேறுபாடு 27 விழுக்காடாகிவிடுகிறது. மூக்கும் உதடும் முன்னே பெருக்கும், காதுகள் பின்வாங்கும், முகம் ஒடுங்கும். எந்த லென்ஸைப் போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் இது தூரத்தின் வேலை. கவுண்டரில் நான்கடி தள்ளி நிற்கும் ஆளின் முகத்தோடு இதை ஒப்பிடும்போது கண் எதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும்?

அடுத்தது, பழைய படங்களை நீங்கள் அட்டைக்குள் பொருத்திய விதம். 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஸ்கேன் செய்து, அட்டையில் இருக்கும் சதுரக் கட்டத்துக்குள் இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். வெட்டவில்லை, இழுத்திருக்கிறார்கள். அதனால் உயரத்தோடு ஒப்பிட அகலம் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடியிருக்கிறது. என் அக்காவின் படத்தில் கன்னம் அவ்வளவு நிறைந்து தெரிந்ததற்கு 2009 மட்டும் காரணமில்லை. என்னிடம் அந்தப் படத்தின் மூலம் இன்னும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்காவும் அவருடைய பருத்த ஒன்றுவிட்ட சகோதரியும் போலத் தெரியும். ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி, அதன்மேல் லேமினேஷன் ஒட்டி, பத்தாண்டு பணப்பையில் உரசவிட்ட பிறகு மிஞ்சுவது கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்கள் மட்டுமே.

மூன்றாவது என்னைப் போன்றவர்கள் செய்த பிழை. பள்ளி இறுதிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்கும், வலக் கன்னத்தில் ஒரு மச்சம், இடப் புருவத்தின் மேல் ஒரு தழும்பு என்று. அதை எழுதி வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். முகத்தின் பொதுவான அமைப்பைப் பார்த்து முடிவு செய்வதைவிட மச்சம், தழும்பு, காதின் வடிவம் போன்ற தனி அடையாளங்களைத் தேடி ஒப்பிடுவது சற்றே நல்ல பலன் தருவதாக அண்மைக்கால ஆய்வுகளும் சொல்கின்றன. நாங்கள் செய்தது என்ன? அந்த மச்சத்தைத்தான் முதலில் அழித்தோம். அந்தக் காலத்தில் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங், பிறகு கணினியில் ஒரு சொடுக்கு. தழும்பை மறைத்தோம், நிறத்தை இரண்டு படி ஏற்றினோம், கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுத்தோம். வாடிக்கையாளர் அதற்குத்தான் காசு கொடுத்தார். உங்கள் அலமாரியில் இருக்கும் விண்ணப்பப் படங்களில் பெரும்பகுதி இப்படித் துடைக்கப்பட்டவை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் பலவற்றைத் துடைத்தவன் நானே.

இத்தனைக்கும் மேல் அட்டையே பார்ப்பவரைச் சாய்த்துவிடுகிறது. ஒரு முகப் படத்தைத் தனியாகக் காட்டுவதைவிட, பெயர், பிறந்த தேதி முதலிய விவரங்களோடு பாஸ்போர்ட் பக்கமாகக் காட்டினால், பார்ப்பவர்கள் 'ஆம், ஒரே ஆள்தான்' என்று சொல்லும் பக்கம் சாய்கிறார்கள் என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். நூலக முத்திரை, வரிசை எண், கையொப்பம் எல்லாம் அச்சான அட்டை ஒன்று நீட்டப்பட்டால், 5.40 மணிக்கு வரிசையை முடிக்க நினைக்கும் இளைஞர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கேட்கவே வேண்டாம்.

இனி உங்கள் சொந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கடந்த ஆண்டறிக்கையின்படி நாளொன்றுக்குச் சராசரியாக 90 பேர் நூல் எடுக்கிறார்கள், மாதம் 25 நாள் நூலகம் இயங்குகிறது. அப்படியானால் மாதம் 2,250 முறை அட்டை நீட்டப்படுகிறது. அவற்றில் ஐந்து முறை பிறர் அட்டை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊருக்கு அதுவே அதிகம். கவுண்டர் பணியாளர்கள் அந்த பாஸ்போர்ட் அலுவலர்களுக்கு நிகரானவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தில் நான்கைப் பிடித்துவிடுவார்கள். அதே வேளையில் உரியவர்களே நீட்டிய 2,245 அட்டைகளில் ஆறு விழுக்காடு, அதாவது சுமார் 135 முறை, என் அக்காவைப் போன்ற ஒருவர் திருப்பி அனுப்பப்படுவார். கவுண்டர் ஒருவரைச் சந்தேகித்து நிறுத்தும் 139 முறையில் 4 முறைதான் சந்தேகம் சரி.

நடைமுறையில் 135 பேரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இரண்டு சண்டை வந்ததும் பணியாளர் எல்லோரையும் விட்டுவிடுவார். ஆயிரத்துக்கு ஓரிரண்டாக வரும் தவறான அட்டையைக் கண் எதிர்பார்ப்பதையே நிறுத்திவிடும்; பொருந்தாத முகங்கள் அரிதாக வரும்போது அவற்றைத் தவறவிடுவது கூடுகிறது என்பதும் சோதனைகளில் தெரிந்த செய்திதான். அப்போது சரிபார்ப்பு என்பது அட்டையைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ஒரு சடங்காகிவிடுகிறது. அந்தச் சடங்கால் பெரிய தீங்கில்லை என்றுகூட விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் அதை எழுத்தில் சான்றாக்கி, உறுப்பினர் சொல்லுக்கு எதிரே நிறுத்துகிறீர்கள். அட்டையில் படமே இல்லாதிருந்தால், "அட்டை தொலைந்ததா, எப்போது தெரிவித்தீர்கள்?" என்று என்னைக் கேட்டிருப்பீர்கள். படம் இருந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை.

நம் நூலகத்திலேயே முன்பு படமில்லாத முறை இருந்தது. ஒரு நூலுக்கு ஒரு சிறு அட்டைப் பை. நூலின் சீட்டை அதில் செருகி நூலகர் தம்மிடம் வைத்துக்கொள்வார், நூல் திரும்பியதும் பை நம் கைக்கு வரும். பிரவுன் முறை என்று அதற்குப் பெயர். கையில் எத்தனை பை இருக்கிறதோ அத்தனை நூலுக்கு மேல் எவரும் எடுக்க முடியாது. பை தொலைந்தாலும் இழப்பு அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியது. பழைய நூலகர் ஐயா எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார், அவர் இருந்தவரை ஒரு தவறும் நேரவில்லை என்று குழுவில் அடிக்கடி சொல்கிறீர்கள். உண்மைதான். அவர் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, அவருக்கு நம்மைத் தெரிந்திருந்தது. அவர் ஓய்வு பெற்றபோது அந்த அறிவும் அவரோடு போய்விட்டது. அச்சிட்ட படத்தைக் கொடுத்து அதைப் புதியவர்களிடம் ஏற்றிவிட முடியாது.

எனவே குழுவினரிடம் நான் கேட்பது இவை. முதலாவதாக, என் உறுப்பினர் கோப்பில் இருக்கும் "அவற்றைப் பெற்றவர் தாங்களே" என்ற முடிவை நீக்கி, அட்டை தொலைந்த நிலையில் அடையாளம் தெரியாத ஒருவரால் நூல்கள் பெறப்பட்டன என்று திருத்தி எழுதுங்கள். தொகையைத் திருப்பித் தருவதும் தராததும் உங்கள் விருப்பம், திருத்தம் விருப்பமன்று. இரண்டாவதாக, கவுண்டரில் படம் பார்க்கப்பட்டது என்பதை எந்த உறுப்பினருக்கும் எதிரான சான்றாக இனி எந்தக் கடிதத்திலும் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானம் இயற்றுங்கள். மூன்றாவதாக, படம் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று பணியாளர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். ஐயம் வந்தால் பிறந்த ஆண்டையோ கடைசியாக எடுத்த நூலின் பெயரையோ தாழ்ந்த குரலில் கேட்கட்டும். அட்டையில் பிறந்த தேதி இல்லாவிட்டால், அதைக் கண்டெடுத்தவருக்கு இரண்டும் தெரிய வாய்ப்பில்லை. மறந்துவிட்ட உறுப்பினருக்கு அன்றைக்கு ஒரு நூலாவது கொடுத்தனுப்பலாம். அதே காரணத்துக்காக, அட்டையில் அச்சிட்டிருக்கும் பிறந்த தேதியை அடுத்த முறை எடுத்துவிடுங்கள்.

நான்காவதாக, நூல் வழங்கியவுடன் உறுப்பினரின் கைபேசிக்கு நூற்பெயரோடு ஒரு குறுஞ்செய்தி போகும்படி செய்யுங்கள். தவணை தவறினால் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வழங்கும் நேரத்துக்கும் நீட்டிக்க வேண்டும், அவ்வளவே. 14ஆம் தேதி 5.42க்கு அப்படி ஒரு செய்தி வந்திருந்தால் கோயம்புத்தூரிலிருந்தே உங்களை அழைத்திருப்பேன், அந்த ஆள் வாசலைத் தாண்டியிருக்கமாட்டார். ஐந்தாவதாக, விடுமுறை நாளிலும் அட்டை தொலைந்ததைத் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்து, தெரிவித்த நொடியிலிருந்து உறுப்பினருக்குப் பொறுப்பில்லை என்றும், அதற்கு முன் எடுக்கப்பட்டவற்றுக்குப் பொறுப்பு ஒரு நூலின் விலைக்கு மேல் போகாது என்றும் விதி எழுதுங்கள்.

கடைசியாக, குழுவிலிருந்து ஒருவர் என் அக்காவின் வீட்டுக்கு நேரில் சென்று, அன்று நடந்தது நூலகத்தின் தவறு என்று அவரிடம் சொல்லி, படமில்லாத புதிய அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மேசையில் அவர் வைத்துவிட்டு வந்த இரண்டு நூல்களின் பெயர் என்னிடம் இருக்கிறது. கேட்டால் எழுதித் தருகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உறுப்பினர் எண் 417